குழாயடிப் படம்

காளியாயியை மூன்றாவது தடவையும் அடையாள அட்டைக் கந்தோரிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"கொப்பி செல்லாதாம்ங்க. ஒரிஜினல் கொண்டான்னு சொல்றாங்க."

"ஒரிஜினல் எங்க?"

"கூரை பறந்துச்சுல்ல, அந்த வருசம் நனைஞ்சு போச்சு. நீங்கதானே அப்ப போட்டோ கொப்பி எடுத்து வச்சீங்க."

றோலண்ட் அந்தத் தாளை வாங்கி மேசை மேல் விரித்தார். பிறப்புச் சான்றிதழின் பிரதி. எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் செல்லாது. மாதா கோயில் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவர் செய்துவந்த வேலை இதுதான். தோட்டத்துச் சனத்துக்கு அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுப்பார், விண்ணப்பம் நிரப்புவார், சிங்களத்தில் கடிதம் போடுவார். அந்த இருபத்திரண்டு வருடத்தில் எந்தக் கந்தோரும் கொப்பியை ஏற்றுக்கொண்டதாக அவருக்கு நினைவில்லை.

"இன்னொரு கடுதாசி எழுதித் தர்றேன். திங்கக்கிழமை வாங்க."

காளியாயி போன பிறகு மேசை லாச்சியைத் திறந்து பென் டிரைவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பதினொரு மணி பஸ்ஸில் ஹட்டன் போக வேண்டும். அது வழக்கமாக அவர் மனைவி பெற்றீசியாவின் வேலை. பெற்றீசியா நாலு நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

"எட்டுப் படம் இருக்குங்க. நம்ம இன்டர்நெட் பக்கத்துல போட்டுட்டு, இத்தாலிக்கும் மெயில்ல அனுப்பிருங்க" என்று காலையில் போர்வைக்குள்ளிருந்து சொல்லியிருந்தாள்.

"எந்தப் படம்?"

"தண்ணிக் குழாய்ப் படம். கேதீஸ் எல்லாம் சரி பண்ணி வச்சிருக்கா. ஒங்களுக்கு என்ன வேல, ஏத்துறதுதானே."

கேதீஸ்வரி மார்ச் மாதம் தோட்டத்துக்கு வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. கலியாணம் கட்டிக் கொழும்பில் இருந்தவள். பாலர் பாடசாலைப் பயிற்சியில் பெற்றீசியாவும் அவளும் ஒன்றாகப் படித்திருந்தார்கள். ஒரு சூட்கேசோடும் ஏழு வயது மகள் சாருகாவோடும் வந்து இறங்கினாள். இடது காது கேட்காது. யாராவது அந்தப் பக்கமிருந்து பேசினால் முழு உடம்பையும் திருப்பித்தான் கேட்பாள். காதுக்கு என்ன நடந்தது என்று றோலண்ட் கேட்கவில்லை. பெற்றீசியா சொன்னாள். புருசன் றமணன் கொழும்பில் போன் திருத்துகிற கடை வைத்திருந்தான்.

கீழ்ப் பிரிவில், மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்குக்குக் கட்டிய பழைய வீடு பூட்டிக் கிடந்தது. தோட்டத்தில் இப்போது கண்டாக்கு ஒருவர்தான். அவரும் மேல் பிரிவில் இருந்தார். தோட்டத் துரையிடம் பேசி, கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளை மடுவத்துக்கு வந்த டீச்சருக்கு என்று றோலண்ட் அந்த வீட்டை வாங்கிக் கொடுத்தார். தொழிலாளர் லயங்களைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, தேயிலைக்கு நடுவில் தனியாக நின்ற வீடு. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது.

வந்த புதிதில் கேதீஸ்வரி ஒரு நாள் விலாசம் கேட்டாள்.

"விலாசமா? தோட்டத்துப் பேரு, நோட்டன் பிரிட்ஜ். அம்புட்டுத்தான்" என்றார் றோலண்ட். "நானூறு குடும்பத்துக்கும் அதுதான். கடுதாசி ஆபிசுக்கு வரும். அவங்க குடுக்கும்போது குடுப்பாங்க."

"வீட்டு நம்பர்?"

"லயத்துக்கு ஏது நம்பரு."

"அப்ப ஒருத்தர் என்னைத் தேடி வந்தா?"

"மேல கேட்டுக் கீழ கேட்டு, அஞ்சு பேரக் கேக்காம வர முடியாது. அந்த அஞ்சு பேரும் எங்கிட்ட வந்து சொல்லிருவாங்க."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "உங்கட இடத்தில எனக்குப் பிடிச்சதே இதுதான் அண்ணை."

"எங்களுக்கு அது நூத்தி அம்பது வருசத்துக் கொற" என்றாள் பெற்றீசியா. "ஒனக்கு வசதியாப் போச்சாக்கும்."

பெற்றீசியாவின் சிநேகிதம் றமணனுக்குத் தெரியும். அவன் கோயில் அலுவலகத்துக்கு இரண்டு தடவை போன் எடுத்தான். மரியாதையாகத்தான் பேசினான். என்ர மனுசி அங்க வந்தவவோ, சுகமில்லாத பிள்ளையோட போனவ, அதுதான் தேடுறன் என்றான். அப்படி யாரும் வரவில்லை என்று றோலண்ட் சொன்னார். வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்கள் குறைவு. அந்த இரண்டும் அவருக்கு உறுத்தவில்லை.

தண்ணீர்க் குழாய் வேலைக்கு இத்தாலியிலிருந்து உதவி வந்தது. பெற்றீசியாவின் தம்பி அன்டன் அங்கே ஒரு கோயில் சங்கத்தைப் பிடித்து ஏற்பாடு செய்திருந்தான். ஒரு லெப்டொப்பும், படம் எடுக்கிற போன் ஒன்றும் அவனே அனுப்பினான். சங்கத்தார் ஒரு நிபந்தனை வைத்தார்கள். எந்தெந்த இடத்தில் குழாய் போட்டார்கள் என்பது படத்திலேயே பதிந்திருக்க வேண்டும். போனில் அந்த வசதி இருந்தது.

அது என்ன வசதி என்று காட்டிக் கொடுத்தவள் கேதீஸ்வரி.

லெப்டொப்பில் ஒரு படத்தின் மேல் வலப்பக்கம் கிளிக் செய்து, விபரங்களைத் திறந்து கீழே இறக்கினாள். எடுத்த நாள், நேரம், போனின் பெயர். அதற்கும் கீழே இரண்டு வரி எண்கள். ஆறு, ஐம்பத்து நாலு. எண்பது, முப்பத்தொன்று. பிறகு புள்ளி வைத்த எண்கள்.

"இதென்ன?"

"இடம் அண்ணை. போன் மேல செயற்கைக்கோளைக் கேட்டு எழுதி வைக்குது. படத்தில தெரியாது. படத்துக்குள்ள இருக்கும்."

அன்றைக்கு மட்டும் அவள் ஹட்டனுக்கு அவர்களோடு வந்தாள், தலையை மூடிக்கொண்டு. இன்டர்நெட் பார்க்கிற கொமினிகேசன் கடையில் அந்த எண்களை வரைபடத்தில் அடித்தாள். சிவப்புக் குண்டூசி ஒன்று பிள்ளை மடுவத்தின் மேல் போய் நின்றது. பக்கத்து லயத்தில்கூட இல்லை. சரியாக அதன் மேல்.

றோலண்ட் திரைக்கு இன்னும் கிட்ட வந்தார். "நம்ம மடுவத்துக்கும் ஒரு விலாசம் இருக்கு பாத்தியா" என்றார் பெற்றீசியாவிடம்.

கேதீஸ்வரி திரையைப் பார்த்தபடியே இருந்தாள். "இதைக் கழட்டாமல் ஒரு படமும் வெளியில போடக் கூடாது" என்றாள். "சங்கத்துக்கு மெயிலில போறது போகட்டும். அது அவையோட நிக்கும். எல்லாரும் பாக்கிற பக்கத்தில போடுறதைக் கழட்டித்தான் போட வேணும். அவருக்கு இதுதான் தொழில். முதல்ல இதைத்தான் பாப்பார்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு படமும் அவள் கை வழியாகத்தான் போனது. மாலையில் மடுவத்துப் பிள்ளைகள் போன பிறகு லெப்டொப்பின் முன் உட்காருவாள். விபரங்களைத் திறந்து, அடியில் இருக்கிற வரியைக் கிளிக் செய்வாள். நீக்கக்கூடியது எல்லாவற்றையும் நீக்கிப் புதிதாக ஒன்று எடு என்று அதற்குச் சொல்லுவாள். அது பக்கத்திலேயே இன்னொரு படத்தை வைக்கும். அந்தப் புதுப் படத்தைத் திறந்து எண்கள் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்ப்பாள். மூடிவிட்டு மறுபடியும் பார்ப்பாள். றோலண்ட் இதை ஒரு தடவை பின்னால் நின்று பார்த்திருந்தார். ஜூன் மாதமோ ஜூலையோ.

*

கொமினிகேசன் கடையில் ஜொய்சி என்ற பெண் இருந்தாள். "என்னாங்க அங்கிள், இன்னிக்கு அன்டி வரலியா?"

"காச்ச."

"லைன் ஸ்லோ. இப்பவே சொல்லிர்றேன். பொறகு என்னைய ஏசக் கூடாது."

பென் டிரைவைத் திறந்தார். எட்டு இல்லை. பதினாறு இருந்தன. ஒவ்வொரு படமும் இரண்டிரண்டாக. ஒன்றுக்கு வெறும் பெயர். மற்றதற்கு அதே பெயரின் முடிவில் கொப்பி என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

றோலண்ட் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஒரு நிமிடம் போயிருக்கும், பெற்றீசியாவுக்கு ஒரு கோல் எடுத்திருப்பார். அவர் கையே முடிவு செய்தது. கோயில் அலுவலகத்தில் எல்லாப் பத்திரத்துக்கும் ஒரு கொப்பி எடுத்து ஃபைலில் வைப்பார்கள். ஒரிஜினல் தொலைந்தால் எடுக்க. வெளியே போவது எப்போதும் ஒரிஜினல். கேதீஸ்வரி படத்தைத் துப்புரவாக்கிவிட்டு ஒரு கொப்பியும் எடுத்து வைத்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டார். கெட்டிக்காரப் பெண். கொப்பி என்று இருந்த எட்டையும் விட்டுவிட்டு, மற்ற எட்டையும் ஒவ்வொன்றாக ஏற்றினார். இத்தாலிக்கும் அதே எட்டு.

இரண்டு மணித்தியாலம் ஆனது. மூன்றாவது படம் ஏறும்போது சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டாக்கு வீட்டு முற்றத்துக் குழாய். சாருகா கமெராவுக்கு முதுகைக் காட்டி நின்று வாளியில் தண்ணீர் பிடிக்கிறாள். மஞ்சள் சுவெட்டர், இரண்டு பின்னல். முகம் தெரியாது. அந்தப் படத்தைப் போடலாமா என்று பெற்றீசியா கேதீஸ்வரியிடம் இரண்டு தடவை கேட்டிருந்தாள். போடுங்கோ என்று சொல்லியிருந்தாள் கேதீஸ்வரி. முகம் இல்லைத்தானே. பிள்ளை ஆசைப்படுகுது. இந்த மலையில எந்தக் குழாய் எண்டு யார் கண்டுபிடிக்கிறது.

எட்டும் ஏறிய பிறகு காசைக் கொடுத்துவிட்டு எழும்பினார். பக்கத்தைக் கீழே இறக்கிப் பார்க்கவில்லை. கடைசி பஸ் நாலரைக்கு.

*

அடுத்த வாரம் வியாழக்கிழமை காளியாயியின் வேலையாக ஹட்டனுக்குப் போனார். டிசம்பர் முதல் வாரம். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கிவிட்டது. நல்லதண்ணிக்குப் போகிற வான்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. திரும்புகிற பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. இத்தாலிக்காரர்கள் ஏதாவது எழுதியிருப்பார்கள் என்று ஜொய்சியின் கடைக்குள் போனார்.

பக்கம் திறந்தது. முதலாவது படம். கீழே இறக்கினார்.

படத்துக்கு அடியில் சின்ன வரைபடம் ஒன்று இருந்தது. அதன் நடுவில் குண்டூசி.

இதற்கு முன் போட்ட எந்தப் படத்தின் அடியிலும் அப்படி இருந்ததில்லை. இரண்டாவது படத்தைத் திறந்தார். அதிலும் இருந்தது. மூன்றாவதைத் திறந்தார். வரைபடத்தைப் பெரிதாக்கினார். ரோடு, ஓடை, வளைந்து போகிற பாதை. குண்டூசி ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றது.

ஒவ்வொரு படத்தையும் எத்தனை தடவை பார்த்திருக்கிறார்கள் என்ற கணக்கும் அங்கே இருந்தது. முதலாவதற்கு நாலு. இரண்டாவதற்கு மூன்று. மற்றவற்றுக்கும் அப்படித்தான். குழாயடிப் படத்துக்கு நாற்பத்தாறு.

றோலண்ட் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அங்கிள், தண்ணி வேணுமா?" என்றாள் ஜொய்சி.

"வேணாம்மா."

எட்டுப் படத்தையும் அழித்தார். ஒவ்வொன்றுக்கும் நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்றார். அழித்த பிறகு பக்கத்தை மூடித் திறந்து பார்த்தார். இல்லை. அவரால் அழிக்க முடிந்தது அவ்வளவுதான். ஒன்பது நாள் அது அங்கே இருந்தது.

பஸ்ஸில் கணக்குப் பார்த்தார். இத்தாலிக்காரர்கள் பார்த்திருக்கலாம். பிள்ளை இருக்கிற படம். பிள்ளை இருந்தால் பார்ப்பார்கள். அன்டன் தன் வேலையிடத்தில் காட்டியிருக்கலாம். நாற்பத்தாறு பேர் ஒவ்வொரு தடவை பார்த்திருக்கலாம். ஒரே ஆள் நாற்பத்தாறு தடவை பார்த்திருக்கவேண்டும் என்று இல்லை.

நேரே கண்டாக்கு வீட்டுக்குத்தான் போனார். சொல்லிவிடத்தான் போனார்.

கேதீஸ்வரி முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் வீட்டுக்குப் பின்னால்தான் கொடி கட்டியிருந்தாள். இப்போது முன்னால் கட்டியிருந்தாள்.

"பின்பக்கம் வெயில் விழுகுதில்லை அண்ணை. சுவெட்டர் காயவே மூண்டு நாள் எடுக்குது." துவாயை உதறிப் போட்டாள். "ஜனவரியில சாருகாவைப் பள்ளிக்கூடத்தில சேக்கலாம் எண்டு நினைக்கிறன். ஃபாதர் ஒரு கடிதம் தருவாரோ?"

"தருவாரு."

"இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

அவர் அவளுக்கு இடது பக்கம் நின்றிருந்தார். "டீச்சர், ஒரு விசயம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். தேத்தண்ணி குடித்தார். சாருகா தன் சித்திரக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். பக்கம் பக்கமாக மலை வரைந்திருந்தாள். சொன்னால் இந்தப் பெண் இன்றைக்கு இரவே சூட்கேசை எடுப்பாள். எங்கே போவாள்? படத்தை அழித்தாயிற்று. பெற்றீசியாவிடம் முதலில் சொல்லி, ஃபாதரிடம் கேட்டு, ஒரு இடம் பார்த்த பிறகு சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு.

வீட்டுக்கு வந்து பெற்றீசியாவிடமும் சொல்லவில்லை. வெள்ளியும் சொல்லவில்லை, சனியும் சொல்லவில்லை.

*

ஞாயிறு பூசை முடிகிற நேரம் காவல்கார வீரய்யா கோயில் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, கீழ்ப் பிரிவுக்கு ஒரு ஆளு வந்திருக்காரு. வான் மேல ரோட்டுல நிக்குது."

"யாரக் கேட்டு வந்தாரு?"

"அதாங்க எனக்கும் வெளங்கல. ஒருத்தரையும் கேக்கல. கையில போன வச்சிப் பாத்துக்கிட்டே குறுக்குப் பாதையில எறங்கிப் போறாரு. நம்ம தோட்டத்து மாப்புள யாராச்சும் போலன்னு விட்டுட்டேன். பொறகு பாத்தா கண்டாக்கு வீட்டுக்குள்ள போறாரு."

றோலண்ட் பூசைக்குப் போட்ட உடுப்போடு ஓடினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் இரண்டு இடத்தில் சறுக்கினார்.

கண்டாக்கு வீட்டுப் படிக்கட்டில் றமணன் உட்கார்ந்திருந்தான். மெலிந்த, அழகாகத் தலைவாரிய ஆள். சாருகா அவன் மடியில் இருந்தாள். அவன் கை அவள் வயிற்றைச் சுற்றிக் கிடந்தது. பிள்ளை அழவில்லை. அசையவும் இல்லை.

"வாங்கோ. நீங்கள்தானே றோலண்ட்?" என்றான். "குரலில பழக்கம். ரெண்டு தரம் கதைச்சிருக்கிறம்."

றோலண்ட் அவனைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தார்.

"நல்ல இடம். தண்ணியும் நல்ல தண்ணி" என்றான். "மகளுக்குச் சளிதான் பிடிச்சிருக்குது."

கேதீஸ்வரி உள்ளே சூட்கேசை அடுக்கிக்கொண்டிருந்தாள். றோலண்ட் அறை வாசலில் நின்றார். பிறகு அவளுக்கு வலது பக்கம் போய் நின்றார்.

"போகாதீங்க டீச்சர். நான் ஆளுங்களக் கூட்டியாறேன். பொலிசுக்குப் போவோம்."

"போய்?" அவள் சட்டையை மடித்தாள். "அப்பா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறார் எண்டு சொல்லுறதோ?"

"அடிச்சத சொல்லுங்க."

"கொழும்பில சொன்னனான். ரெண்டு தரம்." சூட்கேசை மூடினாள். "பிள்ளை வாறா, நீ வாறதெண்டா வா எண்டு சொல்லுறார். அவ்வளவுதான் சொல்லுறார்."

போத்தலில் தண்ணீர் பிடிக்க முற்றத்துக் குழாயடிக்கு வந்தாள். றோலண்ட் கூட வந்தார். படிக்கட்டிலிருந்து றமணன் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் சத்தத்துக்குள் அவள் குனிந்தபடியே கேட்டாள்.

"இந்தப் படத்தைப் பாத்துத்தான் வந்தவராம். போனில வைச்சிருக்கிறார். எனக்குக் காட்டினவர்." போத்தல் நிரம்பி வழிந்தது. "நான் கழட்டினதைத்தானே அண்ணை போட்டனீங்கள்?"

மேலே ரோட்டில் வான் ஒன்று ஹோர்ன் அடித்தது. கொடியில் மஞ்சள் சுவெட்டர் கிடந்தது.

"ஆமா" என்றார் றோலண்ட்.

அவள் குழாயைப் பூட்டினாள். கொஞ்ச நேரம் அதன் மேலேயே கையை வைத்திருந்தாள்.

"அப்ப நான்தான் எங்கேயோ விட்டிட்டன்" என்றாள். "ஒவ்வொண்டையும் ரெண்டு தரம் பாத்தனான். ஆனாலும் விட்டிட்டன்."

"டீச்சர்."

"நீங்கள் என்ன செய்வீங்கள் அண்ணை. பெற்றீசியாவிட்ட சொல்லுங்கோ, என்ர பிழைதான் எண்டு."

சுவெட்டரைக் கொடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். இன்னும் ஈரமாக இருந்தது.

லயத்துச் சனம் பாதை ஓரம் வந்து நின்றது. புருசன் முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறான். மனைவி பின்னால் சூட்கேசோடு போகிறாள். எதை மறிப்பது. வான் கதவை மூடுவதற்கு முன் றமணன் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து றோலண்டிடம் நீட்டினான்.

"கொழும்புப் பக்கம் வந்தா வாங்கோ. போன் பிழைச்சாலும் கொண்டுவாங்கோ."

வான் திரும்பி ஹட்டன் பக்கமாக இறங்கியது.

*

பெற்றீசியா மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. அவளுக்கு அவர் மேல் கோபம் இல்லை. அவளும் கேதீஸ்வரி சொன்னதையே நம்பினாள். "பாவி, அம்புட்டுக் கவனமா இருந்தா" என்று மட்டும் அடிக்கடி சொன்னாள். றோலண்ட் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மாலை மடுவத்தைத் திறந்து லெப்டொப்பைப் போட்டார். பென் டிரைவைச் செருகினார். பதினாறு படமும் அப்படியே இருந்தன. குழாயடிப் படத்தில் கொப்பி என்று இருந்ததன் மேல் வலப்பக்கம் கிளிக் செய்து விபரங்களைத் திறந்தார். கீழே இறக்கினார்.

நாள் இல்லை. போனின் பெயர் இல்லை. எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

மூடிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

மற்ற ஏழு கொப்பிகளையும் திறந்தார். எட்டும் துப்புரவாக இருந்தன. அவள் ஒன்றையும் விடவில்லை.

மேசையில் தாள் இருந்தது. பேனை இருந்தது. நீங்கள் செய்தது சரி, பிழை என்னுடையது என்று எழுத இரண்டு வரி போதும். கார்டில் விலாசமும் இருந்தது. கடை இலக்கம், ஒழுங்கையின் பெயர், கொழும்பு, தபால் இலக்கம். எந்தக் கந்தோரும் ஏற்றுக்கொள்ளும் முழு விலாசம். கடிதம் தவறாமல் போய்ச் சேரும்.

முதலில் அவன் கைக்குப் போகும். அவன் பிரித்துப் படிப்பான். பிறகு உள்ளே அவளிடம் போவான்.

றோலண்ட் பேனையை மூடினார். லெப்டொப் தானாக அணையும்வரை அங்கேயே இருந்தார்.